யூரியாக் கரைசலும் 300, ரத்தமும் 300, அப்புறம் சிவப்பணு ஏன் உடைந்தது? (மேடமுக்கு எழுதிய மின்னஞ்சல் உள்ளே)

கெடிலக்கரை
வணக்கம். புதுச்சேரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன், வீடு கடலூர் மஞ்சக்குப்பம், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். உடலியங்கியல் மேடமுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. கேள்வியே தப்பாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். வியாழக்கிழமை செய்முறை வகுப்பில் மூன்று குழாய்கள் வைத்தோம். முதல் குழாயில் 0.9 சதவீத உப்புக் கரைசல், இரண்டாவதில் 0.3 சதவீதம், மூன்றாவதில் 1.8 சதவீத யூரியா. ஒவ்வொன்றிலும் 5 மில்லி, அதில் ஒரு சொட்டு ரத்தம். குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்துப் பார்க்கச் சொன்னீர்கள். முதல் குழாய் கலங்கலாகவே இருந்தது, எழுத்து தெரியவில்லை. இரண்டாவது ரோஸ்மில்க்கில் பாலை எடுத்துவிட்டதுபோல் தெளிந்துவிட்டது. மூன்றாவதில் ஒன்றும் ஆகாது என்று பதிவேட்டில் முன்கூட்டியே எழுதிவிட்டேன். யூரியாவின் மூலக்கூறு எடை 60, லிட்டருக்கு 18 கிராம் என்றால் 300 மில்லி ஆஸ்மோல், ரத்தமும் கிட்டத்தட்ட அதுதான், ஆகவே ஐசோடானிக் என்பது என் கணக்கு. ஆனால் குழாயை ஸ்டாண்டில் வைப்பதற்குள் தெளிந்துவிட்டது. ஆஸ்மோலாரிட்டி சமமாக இருந்தும் டானிசிட்டி சமமில்லை என்றால் இரண்டும் என்ன வேறுபாடு மேடம்? கணக்கில் தவறா, அல்லது நான் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேனா? இன்னொன்றும் கேட்க வேண்டும். 0.9 சதவீத உப்பிலேயே 1.8 சதவீத யூரியாவையும் சேர்த்தால் மொத்தம் 600 வருகிறது. அதில் சிவப்பணு சுருங்குமா, உடையுமா, சும்மா இருக்குமா? நேரம் கிடைக்கும்போது பதில் எழுதினால் போதும் மேடம்."

லாஸ்பேட்டை லோகு
கேள்வி சரியாகத்தான் இருக்கிறது, அனுப்பு. ஆனால் பதில் எனக்கே தெரியும் என்று நினைக்கிறேன். யூரியா சிறிய மூலக்கூறு, சவ்வு வழியாக உள்ளே போய்விடும், உப்பு போகாது. அது வரைக்கும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் உள்ளே போனால் என்ன? உள்ளேயும் வெளியேயும் யூரியா சமமாகிவிடும், சமமான பிறகு தண்ணீர் ஏன் நகர வேண்டும்? அதனால் உடைவதற்குக் காரணம் தண்ணீர் இல்லை. யூரியா புரதத்தைக் குலைக்கும், எங்கள் உயிர்வேதியியல் வகுப்பில் யூரியா போட்டுத்தான் புரதத்தின் மடிப்பைப் பிரிப்போம். சவ்வில் உள்ள புரதத்தைக் கெடுத்துவிட்டது, அணு கிழிந்துவிட்டது. இதுதான் நடந்திருக்கும்.

தேவனாம்பட்டினம்
லோகு தம்பி பாதிவரை சரியாக வந்துவிட்டு, முக்கியமான இடத்தில் திரும்பிவிட்டார். நான் முப்பது வருடம் உடலியங்கியல் ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், இந்த மூன்றாவது குழாயை எத்தனை பிள்ளைகள் பார்த்து விழித்தார்கள் என்று எண்ணவே முடியாது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

யூரியா சமமாகிவிடும், உண்மை. ஆனால் அணுவுக்குள் யூரியா மட்டுமா இருக்கிறது? குழாயில் போடுவதற்கு முன்பே உள்ளே பொட்டாசியம், குளோரைடு, பாஸ்பேட்டுகள், ஹீமோகுளோபின் என்று சுமார் 290 மில்லி ஆஸ்மோல் சரக்கு இருக்கிறது, அது சட்டென்று வெளியே போகக்கூடியது இல்லை. இப்போது யூரியா உள்ளே வந்து இரண்டு பக்கமும் 300 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மொத்தம் 300. உள்ளே 300-உம் ஏற்கெனவே இருந்த 290-உம் சேர்ந்து 590. எங்கே சமம்? தண்ணீர் உள்ளே பாயும், பாய்ந்ததும் உள்ளே உள்ள யூரியா நீர்த்துப்போகும், உடனே இன்னும் யூரியா வரும், அதன் பின்னால் இன்னும் தண்ணீர் வரும். இதற்கு ஒரு முடிவு வேண்டுமானால் உள்ளே அடைபட்ட சரக்குக்கு ஈடாக, உள்ளே நுழைய முடியாத ஏதாவது வெளியேயும் இருக்க வேண்டும். மூன்றாவது குழாயில் அப்படி ஒன்றுமே இல்லை. ஒரு சொட்டு ரத்தத்தோடு வந்த பிளாஸ்மாவின் உப்பு 5 மில்லியில் கரைந்து இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். ஆகவே அணு உடைந்தால்தான் ஓட்டம் நிற்கும்.

கெடிலக்கரைப் பெண்ணுக்கு: உங்கள் கணக்கு தப்பே இல்லை அம்மா. 300 என்பது கரைசலைப் பற்றிய எண். பாட்டிலை மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு அணுவும் இல்லாமல், கருவியில் அளந்து சொல்லிவிடலாம், எல்லாத் துகளையும் ஒன்று விடாமல் எண்ணும். டானிசிட்டியை அப்படி அளக்க முடியாது. ஒரு அணுவை உள்ளே போட்டு, எல்லா நடமாட்டமும் ஓய்ந்த பிறகு, அது பழைய பருமனில் இருக்கிறதா, ஊதியதா, சுருங்கியதா என்று பார்ப்பதுதான் அது. அங்கே சவ்வைத் தாண்டாத துகளுக்கு மட்டும்தான் கணக்கு. உங்கள் மூன்றாவது குழாயில் ஆஸ்மோலாரிட்டி 300, அணுவின் கண்ணுக்கு அது வெறும் தண்ணீர்.

லாஸ்பேட்டை லோகு
590 கணக்கு புரிகிறது சார், நான் உள்ளே ஏற்கெனவே இருந்ததை மறந்துவிட்டேன். ஆனால் யூரியா சவ்வைக் கெடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாமே.

தேவனாம்பட்டினம்
நல்ல சந்தேகம். புரதத்தைக் குலைக்க நீங்கள் வகுப்பில் போடுவது 6 அல்லது 8 மோலார், இங்கே இருப்பது 0.3. அது ஒன்று. ஆனால் அதைவிட அந்தப் பெண்ணே மின்னஞ்சலில் கடைசியாகக் கேட்டிருக்கிறாரே, 0.9 உப்பில் அதே 1.8 சதவீத யூரியா, அந்தக் குழாயே தீர்ப்பு சொல்லிவிடும். யூரியா சவ்வைக் கெடுக்கும் என்றால் அதிலும் அணு உடைய வேண்டும். நான் இப்போது பதில் சொல்லமாட்டேன், மேடம் செய்து பார்க்கச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். மின்னஞ்சலை ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள்.

பண்ருட்டி முந்திரி
மன்னிக்கவும், நான் மாணவன் இல்லை, தேடும்போது யூரியா என்று பார்த்து உள்ளே வந்தேன். என் அப்பாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை, போன வாரம் ரத்தத்தில் யூரியா 180 என்று வந்தது. இங்கே யூரியாவில் சிவப்பணு உடைந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு ரத்தமும் குறைவாக இருக்கிறது, 8 தான். அவர் உடம்பில் ரத்த அணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றனவா? ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை.

ரத்தவங்கி_வில்லியனூர்
அண்ணா, பயப்படாதீர்கள், இல்லை. இந்தக் குழாயில் அணு உடைந்தது யூரியா இருந்ததால் இல்லை, உப்பு இல்லாததால். உங்கள் அப்பாவின் ரத்தத்தில் சோடியம் வழக்கம்போல இருக்கிறதா பாருங்கள், அறிக்கையில் 135-க்கும் 145-க்கும் நடுவில் ஒரு எண் இருக்கும். அது இருக்கிறவரை யூரியாவால் அணு ஊதாது, சுருங்காது.

கணக்காகவே பார்க்கலாம். நம் ஊர் ஆய்வகங்கள் யூரியா முழுவதையும் எடைபோட்டு மில்லிகிராமில் தருகின்றன, அதை 6-ஆல் வகுத்தால் மில்லிமோல். 180 என்றால் 30. சாதாரணமாக ஒருவருக்கு 5 இருக்கும். ஆகவே அப்பாவின் ரத்தத்தில் ஆஸ்மோலாரிட்டி ஒரு 25 கூடுதல், 290 இருக்க வேண்டியது 315 என்று வரும். ஆனால் அந்த 25-உம் அணுவுக்குள்ளும் அதே அளவு நிறைந்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஏறிய எடை தராசைச் சாய்க்காது. வெளிநாட்டுப் பக்கங்களில் படித்தால் 2.8-ஆல் வகுக்கச் சொல்வார்கள், அவர்கள் யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் எண்ணுகிறார்கள், அதைப் போட்டு நம் அறிக்கையை வகுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் காட்டி இன்னும் பயமுறுத்தும். ஹீமோகுளோபின் 8 ஆனதற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் வேறு. எரித்ரோபொயெட்டின் என்று சிறுநீரகம் சுரக்கும் ஒரு பொருள் குறைந்து, எலும்பு மஜ்ஜை அணு செய்வதே குறைந்துபோகும். அதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

பண்ருட்டி முந்திரி
ரொம்ப நன்றி தம்பி. சோடியம் 138 என்று இருக்கிறது. இன்னொன்று, முதல் டயாலிசிஸை 2 மணி நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள், பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு 4 மணி நேரம் ஓடியது. காசை முழுதாக வாங்கிக்கொண்டு பாதியில் அனுப்புகிறார்கள் என்று அங்கேயே சண்டை போட்டுவிட்டேன்.

தேவனாம்பட்டினம்
அது சரியான வைத்தியம் ஐயா. சொல்லப்போனால் இந்தப் பெண்ணின் கேள்விக்கு உயிருள்ள உதாரணம் அதுதான். சிவப்பணுவின் சவ்வில் யூரியாவுக்கென்றே தனி வாசல் இருக்கிறது, அதனால் ரத்தத்தில் யூரியா இறங்கினால் அணுவும் கூடவே உடனடியாக இறக்கிவிடும். மூளையிலிருந்து அவ்வளவு வேகமாக வெளியே வராது. வாரக்கணக்கில் ஏறிய யூரியாவை முதல் நாளே மளமளவென்று ரத்தத்திலிருந்து எடுத்தால், மூளைக்குள் யூரியா கொஞ்ச நேரம் தங்கிவிடும், அந்த நேரம் மட்டும் அது உப்பைப் போல நடந்துகொண்டு தண்ணீரை உள்ளே இழுக்கும். தலைவலி, வாந்தி, மோசமானால் வலிப்பு. அதனால்தான் முதல் சில தடவை குறைந்த நேரம், மெதுவான ஓட்டம். ஒரே யூரியா, ஒரே மனிதர், சிவப்பணுவுக்கு ஒரு மாதிரி, மூளைக்கு ஒரு மாதிரி. டானிசிட்டியைக் கரைசலின் குணமாக மட்டும் எழுதிவைக்க முடியாது என்பது இதனால்தான்.

ரத்தவங்கி_வில்லியனூர்
சார் வாசல் என்று சொன்னதும் எங்கள் வேலையில் வரும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கிட் என்று ஒரு ரத்தப்பிரிவு இருக்கிறது, ஏபிஓ மாதிரி வெளியில் பிரபலம் இல்லை. அந்தக் கிட் பிரிவின் அடையாளங்கள் உட்கார்ந்திருக்கும் புரதமே இந்த யூரியா வாசல்தான். அபூர்வமாகச் சிலருக்கு அந்தப் புரதமே இருக்காது, பாலினீசியத் தீவுகளிலும் பின்லாந்திலும் கொஞ்சம் அதிகமாகப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் சிவப்பணு யூரியாவில் உடையாது என்று 1982-இல் வெளியானது. அந்தக் காலத்துத் தட்டணு எண்ணும் கருவி ஒன்றில் சிவப்பணுவை ஒழித்துக்கட்ட 2 மோலார் யூரியா போடுவார்கள், சமோவாக்காரர் ஒருவரின் ரத்தத்தில் மட்டும் சிவப்பணு உடையாமல் நின்றது. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

2 மோலார் என்றால் லிட்டருக்கு 120 கிராம். ஆஸ்மோலாரிட்டி 2000, ரத்தத்தைப் போல ஏழு மடங்கு. கெடிலக்கரை, இதைக் கவனியுங்கள்: எண்ணை மட்டும் பார்த்தால் அணு வற்றல்போலச் சுருங்கியே கிடக்க வேண்டும். என்னுடைய அணுவைப் போட்டால் ஒரு கணம் சுருங்கி, யூரியா புகுந்ததும் ஊதி, ஒரு நிமிடம் ஆவதற்குள் உடைந்துவிடும். வாசல் இல்லாதவரின் அணு அரை மணி நேரம் ஆனாலும் அப்படியே இருக்கும். ஒரே பாட்டில், இரண்டு பேர். பாட்டில் மேல் ஐசோ, ஹைப்போ, ஹைப்பர் என்று எதை ஒட்டுவீர்கள்?

முத்தியால்பேட்டை செவிலி
இந்தப் பேச்சில் எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸை ஐசோடானிக் என்று படித்துத் தேர்வு எழுதினேன். வேலைக்கு வந்ததும், அதை ஹைப்போடானிக் என்று நினைத்துக்கொள், ரத்தம் ஏற்றும் குழாயில் அதை ஒருபோதும் ஓட்டாதே, நார்மல் சலைன் மட்டும்தான் என்றார்கள். இரண்டில் எது உண்மை?

லாஸ்பேட்டை லோகு
பாட்டிலில் இருக்கும்வரை ஐசோடானிக், உடம்புக்குள் போனதும் ஹைப்போடானிக் அக்கா. குளுக்கோஸை உடம்பு எரித்துவிடும், தண்ணீர் மட்டும் மிஞ்சும்.

தேவனாம்பட்டினம்
லோகு, பாட்டிலில் இருக்கும்வரை ஐசோஆஸ்மோட்டிக் என்று சொல்லுங்கள், ஏறக்குறைய. டானிசிட்டி என்ற சொல்லை அங்கே போடக் கூடாது. மனிதச் சிவப்பணுவில் குளுக்கோஸுக்கும் வாசல் உண்டு, யூரியா அளவுக்கு வேகம் இல்லை. அதனால் குழாயில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் ரத்தம் விட்டால் முதலில் கலங்கலாகவே நிற்கும், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வைத்திருந்து பார்த்தால் மெல்ல ஊதும், ஒன்றோடொன்று ஒட்டும், உடையவும் செய்யும். ரத்தம் ஏற்றும் குழாயில் அதை விடக் கூடாது என்பது அதனால்தான்.

முத்தியால்பேட்டை செவிலி
அப்படியென்றால் சொட்டு மருந்தாகப் போகும்போது நரம்பிலேயே சிவப்பணு உடைய வேண்டுமே சார்? தினமும் ஏற்றுகிறோம், யாருக்கும் சிறுநீர் சிவப்பாகவில்லை. நரம்பில் நுழையும் அந்த நிமிடத்தில் அது ஐசோடானிக் மாதிரிதான் நடக்கிறது. புத்தகத்தில் எழுதியவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம், முழுக்கத் தப்பு என்று தள்ள முடியாது.

தேவனாம்பட்டினம்
நரம்பில் அது உடனே ரத்தத்தோடு கலந்துவிடுகிறது, உப்பு சுற்றிலும் இருக்கிறது, அதனால் உடையாது. ஆனால் நீங்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு, எத்தனை நேரம் கழித்துப் பார்ப்பது என்பதை யாரும் வரையறுத்து எழுதுவதில்லை. ஓய்ந்த பிறகு என்று நான் சொல்கிறேன், நுழையும்போது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று தோன்றுகிறது.

சில்வர்பீச் சிவா
எனக்கும் ஒரு சந்தேகம். நான் பள்ளி ஆசிரியர், கடலூர் முதுநகரில் கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கிவந்து பிள்ளைகளுக்குக் காட்டினேன். முதல் நாள் பாத்திரம் முழுக்க உறைந்துவிட்டது, அடுத்த நாள் சோடியம் சிட்ரேட் போட்ட பாட்டிலைக் கொடுத்துப் பிடித்துவரச் சொன்னேன். 0.9-இல் சரி. 0.6-இலேயே ரோஸ் நிறம் வந்துவிட்டது. புத்தகத்தில் 0.5-க்குக் கீழேதான் ஆரம்பிக்கும் என்று இருக்கிறதே? உப்பு எடை போட்டதில் தப்பா?

ரத்தவங்கி_வில்லியனூர்
எடையில் தப்பு இருக்காது சார், ஆடு வேறு, நாம் வேறு. ஆட்டின் சிவப்பணு மிகச் சிறியது, நம்முடையதில் நாலில் ஒரு பங்குகூட வராது, நம் அணுவைப் போல நடுவில் பள்ளமாக ஊதுவதற்கு இடம் விட்டுவைத்த வடிவமும் இல்லை. சீக்கிரமே உடைந்துவிடும். உங்கள் பதிவேட்டில் எந்த மிருகம் என்று எழுதிவையுங்கள்.

கெடிலக்கரை
இடம் விட்டுவைத்த வடிவம் என்றால் என்ன? அது உடைவதோடு எப்படிச் சேர்கிறது? நம் அணு ஏன் 0.5 வரைக்கும் தாங்குகிறது?

தேவனாம்பட்டினம்
இதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. நம் சிவப்பணு ஒன்றின் பருமன் சுமார் 90 ஃபெம்டோலிட்டர். அதில் தண்ணீர் 64 போல, மீதி 26 ஹீமோகுளோபின் முதலான திடப்பொருள். அணுவைச் சுற்றிய சவ்வின் பரப்பு ஏறக்குறைய 140 சதுர மைக்ரான். இந்தச் சவ்வு வளையும், மடங்கும், ஆனால் ரப்பர்போல இழுபட்டு விரியாது. பாதி நிரம்பிய அரிசிப்பை மாதிரி, பை பெரியது, உள்ளே சரக்கு குறைவு. அந்த 140 சதுர மைக்ரானை முழு உருண்டையாக்கினால் 156 ஃபெம்டோலிட்டர் கொள்ளும். அதற்குமேல் ஒரு துளி வந்தாலும் கிழியும்.

இப்போது திடப்பொருள் 26 மாறாது. 156-இல் 26 போனால் 130. அதாவது தண்ணீர் 64-இலிருந்து 130 ஆகிற வரை அணு தாங்கும், இரண்டு மடங்கு. உள்ளே அடைபட்ட சரக்கு இரண்டு மடங்கு தண்ணீரில் கரைந்து நிற்க வேண்டுமென்றால் வெளியே உப்பு பாதியாக இருக்க வேண்டும். 0.9-இல் பாதி 0.45. ஆய்வகத்தில் 0.5 பக்கத்தில் ரோஸ் நிறம் ஆரம்பித்து 0.3-இல் எல்லாம் உடைந்துவிடும் என்று பார்க்கிறோம், எல்லா அணுவும் ஒரே அளவு இல்லாததால் அந்த இடைவெளி. அதன் நடுவில்தான் 0.45 வந்து நிற்கிறது. பரம்பரையாகவே அணு உருண்டையாக இருக்கும் நோய் உள்ளவர்களுக்குப் பையில் காலி இடம் இல்லை, அதனால் இன்னும் மேலே, அதிக உப்பிலேயே உடையத் தொடங்கும். தலசீமியாவில் பை பெரிது, சரக்கு குறைவு, 0.4-க்குக் கீழேயும் தாக்குப்பிடிக்கும்.

யூரியா எங்கே என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கில் யூரியாவுக்கு இடமே இல்லை. 0.45 உப்பில் எவ்வளவு யூரியா சேர்த்தாலும், ஓய்ந்த பிறகு அணுவின் பருமன் 0.45 உப்பு சொல்வதுதான். இது வெறும் பேச்சா உண்மையா என்று குழாயில் பார்க்கலாம்.

கெடிலக்கரை
மேடம் பதில் எழுதிவிட்டார்கள்! சுருக்கமாகத்தான் இருக்கிறது. அப்படியே போடுகிறேன்.

"கணக்கு சரி. தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதும் சரி. பதிவேட்டில் எழுதியதை அடிக்காதே, பக்கத்தில் தேதி போட்டு, ஏன் அப்படி நினைத்தாய் என்று எழுது. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. செவ்வாய் மதியம் ஆய்வகம் காலி. உப்பு 0.9, 0.7, 0.5, 0.45, 0.4, 0.3 என்று ஒரு வரிசை வை. கீழே அதே உப்பு அளவுகளில் ஒவ்வொன்றிலும் 1.8 சதவீத யூரியா சேர்த்து இன்னொரு வரிசை வை. அரை மணி நேரம் விட்டு, சுழற்றி, மேலே நிற்கும் நீரின் நிறத்தை மட்டும் பார். முதல் வரிசையில் எந்தக் குழாய் எப்படி வரும் என்று முன்பே எழுதிவிட்டு வா, இரண்டாவது வரிசைக்கும்."

தேவனாம்பட்டினம் சார், நீங்கள் சொன்னதேதான். இரண்டு வரிசையும் ஒன்றுபோல வரும் என்று எழுதிக்கொண்டு போகிறேன்.

கெடிலக்கரை
செய்துவிட்டேன். இப்போதுதான் பஸ்ஸில் ஏறினேன், உடனே எழுதுகிறேன்.

0.9 உப்பும் யூரியாவும் சேர்ந்த குழாய்தான் முதலில் பார்த்தேன். மொத்தம் 600, ஆனால் சுழற்றி எடுத்தபோது மேலே தண்ணீர் பளிச்சென்று நிறமே இல்லாமல், கீழே சிவப்புப் பொத்தான் போல அணுக்கள் முழுதாக உட்கார்ந்திருந்தன. மேலே உள்ள வரிசையில் 0.9 குழாயோடு சேர்த்துப் பிடித்தால் எது எது என்று தெரியவில்லை. லோகு அண்ணா, சவ்வு கெடவில்லை. அதில் ஒரு துளியை ஸ்லைடில் வைத்துப் பார்த்தோம், முள்முள்ளாகச் சுருங்கின அணு ஒன்றும் இல்லை, எல்லாம் வட்டமாக இருந்தன. 0.7 இரண்டு வரிசையிலும் நிறமில்லை. 0.5 இரண்டிலும் லேசான ரோஸ். 0.3 இரண்டிலும் கீழே பொத்தானே இல்லை, நீர் முழுக்கச் சிவப்பு. வரிசையாக வைத்துப் பார்க்கும்போது மேல் வரிசையின் நிழல் கீழே விழுந்தது மாதிரி இருந்தது.

ஒரே ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது. 0.45 குழாயில் யூரியா வரிசை கொஞ்சம் அதிகச் சிவப்பு. என் கண்ணுக்கு மட்டும் இல்லை, கூட இருந்தவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. யூரியாவைக் கரைக்கும்போது பீக்கர் கையில் ஜில்லென்று இருந்தது. குளிரில் அணு சீக்கிரம் உடையும் என்று படித்தேன், அதுவாக இருக்குமா?

லாஸ்பேட்டை லோகு
சவ்வு விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குழாய் ஒன்றே போதும். குளிர்தான் காரணமாக இருக்கும், யூரியா கரையும்போது சூட்டை இழுக்கும்.

தேவனாம்பட்டினம்
குளிரில் கொஞ்சம் எளிதாக உடையும் என்பது உண்மை, ஆனால் அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 18 கிராம் யூரியா கரைந்தால் இறங்குவது ஒரு டிகிரி அளவுதான், அடர்த்தியாகக் கரைத்து வைத்து அப்புறம் நீர்த்தீர்கள் என்றால் பீக்கரில் ஜில்லென்று தெரிந்திருக்கும், குழாய்க்கு வரும்போது அந்தக் குளிர் போயிருக்கும். அரை மணி நேரம் வேறு நின்றிருக்கிறது. அந்த ஒரு டிகிரி இவ்வளவு நிறத்தைக் காட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 0.45 என்பது செங்குத்தான இடம், 0.44 ஆனாலே நிறம் மாறும். யூரியா வரிசைக்கு உப்பு எடுத்த பிப்பெட் வேறா? சொட்டு ரத்தம் கடைசிக் குழாய்களில் பெரிதாக விழுந்ததா?

கெடிலக்கரை
பிப்பெட் வேறுதான் சார், கீழ் வரிசைக்கு 10 மில்லி பிப்பெட்டில் எடுத்தோம், மேல் வரிசைக்கு 5. சொட்டு கவனிக்கவில்லை.

ரத்தவங்கி_வில்லியனூர்
எனக்கும் பிப்பெட் மேல்தான் சந்தேகம், ஆனால் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை 0.45-ஐ மட்டும் வரிசைக்கு மூன்று குழாயாக வையுங்கள், ஒரே பிப்பெட், ரத்தத்தைச் சொட்டாக விடாமல் அளந்து 50 மைக்ரோலிட்டர்.

சில்வர்பீச் சிவா
யூரியாவுக்குப் பதில் கிளிசரால் போட்டால் ஆட்டு ரத்தத்தில் என்ன ஆகும்? மாட்டு அணுவிலும் செம்மறி அணுவிலும் அது மிக மெதுவாகத்தான் நுழையும் என்று எங்கோ படித்த ஞாபகம். வெள்ளாட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன், சிட்ரேட் பாட்டில் தயாராக இருக்கிறது.

கெடிலக்கரை
சார், செய்தால் நேரத்தைக் குறித்துப் போடுங்கள். நான் அடுத்த செவ்வாய் 0.45-ஐத் திரும்ப வைக்கிறேன், மேடமிடம் கேட்டுவிட்டேன், மைக்ரோபிப்பெட் தருகிறேன் என்றார்கள்.